சரி என்று எழுதிக் கோடு கிழித்த கார்டு

யுத்த காலத்தில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோன அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் சொருகுகிறது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி அந்தச் சத்தத்திலேயே விழித்தவள் நான். அது நின்றதும், விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. நூல் கிடைக்கவில்லை. நூலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கடைக்கு இவ்வளவு, தறிக்கு இவ்வளவு என்று பங்கு போட்டார்கள், அந்தப் பங்கும் ஒழுங்காக வரவில்லை. அருப்புக்கோட்டையில் வீட்டுக்கு வீடு தறிக்குழி வெறுங்குழியாகக் கிடந்தது. பகல் முழுக்கத் தெருவில் வெயில் மட்டும் நடமாடியது. ஊருக்கு வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடக்க, அதற்கு மேல் கானல் தண்ணீர் போல ஆடிக்கொண்டிருக்கும். பனைமரங்கள் காலில்லாமல் அந்தத் தண்ணீரில் நிற்பதை மாடியில்லாத எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஏறி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அம்மா, அண்ணன், நான். அப்பா இல்லை. மதினி இருந்தாள், ஆனால் தைப்பொங்கல் கழித்து ஒரு கல்யாணத்துக்கென்று பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் ஊர் திருச்சுழிக்கு அப்பால், குண்டாற்று மணலைத் தாண்டி நடக்க வேண்டிய ஒரு சின்ன ஊர். அங்கே எங்கள் ஆட்கள் நாலைந்து வீடுதான்.

அவள் ஏன் திரும்பவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. எங்கள் அத்தைமார் ஒருநாள் வந்து உட்கார்ந்து, அவள் காதில் விழும்படியாகவே, "பாளையம்பட்டியில ஒரு பொண்ணு இருக்கு, கொணமான பொண்ணு" என்று ஆரம்பித்தார்கள். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கோபத்தில் போனான் என்பது எனக்குத் தெரியும், அவன் கழுத்து நரம்பைப் பார்த்தேன். மதினி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவன் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும். அத்தைமாரை நான் அன்றைக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. தெருவைத் தாண்டினால் தமிழ். தெலுங்கு எழுத்து எங்களில் யாருக்கும் தெரியாது. அதை நான் கண்ணால் பார்த்ததே பிற்பாடுதான். ஆகவே பேசுவது ஒன்றிலும் எழுதுவது ஒன்றிலுமாக எங்கள் ஜனம் வாழ்ந்துகொண்டிருந்தது. கடுதாசி என்றால் தமிழ்தான். வேறு மாதிரி எழுதலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. வீட்டில் நாங்கள் பேசியதை எல்லாம் இங்கே நான் தமிழில்தான் போடுகிறேன்.

அண்ணன் வீட்டுப் பேச்சில் மன்னன். தறியில் உட்கார்ந்து காலால் மிதித்துக் கையால் நாடாவை இழுக்க ஆரம்பித்தானோ, வாய் தானாகத் திறந்துகொள்ளும். தறிக்குழியில் அவன், அடுத்த அறையில் ராட்டை சுற்றித் தார் போட்டுக்கொண்டு மதினி. தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது. நடுவில் சுவர். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பகலெல்லாம் கேலியும் குத்தலும் பறக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அவ்வளவு பேசுவார்கள். அம்மா, "உங்க ரெண்டு பேர் வாயி ஓயுறதுக்குள்ள சேலையே முடிஞ்சிரும்" என்பாள்.

ஆனால் அதே ஆளிடம் ஒரு பேனாவைக் கொடுத்தால் கல்லுப் பிள்ளையார்தான். அதற்கும் காரணம் இருந்தது. தறி நின்ற பிறகு அண்ணன் கடைவீதியில் ஒரு நூல் கடையில் கணக்கெழுதப் போனான். அந்த முதலாளி வெளியூர்களுக்கு நாள்தோறும் கார்டு எழுதச் சொல்வார். அந்தக் கடையில் ஒரு பழக்கம். கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில்: "அனுப்பவும்", "வேண்டாம்", "சரி". எழுதி முடித்ததும், மிச்ச இடம் முழுவதும் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். நடுவில் யார் கையிலாவது சிக்கி இன்னொரு வரி ஏறிவிடக் கூடாதல்லவா. ரெண்டு வரி எழுதுகிறவன் பேரம் பேசுகிறான், மூன்று வரி எழுதுகிறவன் வார்த்தை மாறப் போகிறான் என்பது அந்த முதலாளியின் தீர்ப்பு. அண்ணன் இதை வேதமாகப் பிடித்துக்கொண்டான்.

மாசி கடைசியில் எங்கள் தறிக்கு ஒரு பங்கு நூல் வந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் நெடுக்கு இழைப் பாவு தயாராகி, தறியில் ஏறி, அண்ணன் கடைக்குப் போகாத நேரத்தில் வீட்டில் சத்தம் திரும்ப வந்தது. எனக்கு உடம்புக்குள் எதுவோ மறுபடி ஓட ஆரம்பித்தது போலிருந்தது. தார் சுற்ற ஆளில்லை; என்னை உட்காரவைத்தார்கள். நான் சுற்றிய தாரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வாரத்திலேதான் தபால்காரர் அந்த ரிப்ளை கார்டைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் இரட்டைக் கார்டு விற்பார்கள். ரெண்டு கார்டு ஒட்டிக்கொண்டு மடிந்திருக்கும். ஒன்றில் நாம் எழுதுவது. மற்றது பதிலுக்கு, அதற்கும் தபால் செலவு சேர்த்தே கட்டியாயிற்று. பதில் எழுதுகிறவர் அந்தப் பாதியைக் கிழித்துப் பெட்டியில் போட்டால் போதும். மதினி அந்தப் பதில் பாதியில் தன் ஊர் விலாசத்தையும் தன் கையாலேயே எழுதி அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூட எழுத்து, குண்டு குண்டாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: எல்லோரும் சௌக்கியமா, இங்கே சௌக்கியம். நூல் வந்திருப்பதாக ஆட்கள் சொன்னார்கள். சித்திரை பிறந்ததும் நான் வரட்டுமா?

அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சொந்த வீட்டுக்கு வர யாராவது அனுமதி கேட்பார்களா? அப்படிக் கேட்டிருக்கிறாள் என்றால், வராதே என்று பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்டிருக்கிறாள். அந்தப் பதில் பாதியில் என்ன வந்து சேர்கிறதோ, அதை வைத்து அவள் வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். எனக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது.

சாயங்காலம் அண்ணன் கடையிலிருந்து வந்து, கார்டைப் படித்தான். முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. உடனே மைக்கூட்டையும் கட்டைப்பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பதில் பாதியைக் கிழித்து, எழுதினான். நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விளக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் அவன் எழுதி முடித்துவிட்டான்.

"காலையில பஸ்ஸு வர்றதுக்குள்ள பெட்டியில போட்டுரு" என்று என்னிடம் நீட்டினான்.

கார்டின் தலைமாட்டில் பெரிதாக 'சரி' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் கடைக்காரத்தனமாக ஒரு கோடு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னண்ணே இது?"

"ஏன், வரட்டுமான்னு கேட்டா. சரின்னு எழுதிருக்கேன்."

"பேச்சுக்கு வரி போட்டிருக்காகளா? நூல் கட்டு அனுப்பச் சொல்லியா எழுதுற? இதைப் பார்த்தா மதினிக்கு எப்படி இருக்கும்?"

"சரின்னா சரிதான். அதுல என்ன கொறை? மறு பேச்சே இல்லைன்னு அர்த்தம். நான் மாற மாட்டேன்னு அர்த்தம்."

அவன் சொன்னது நிஜம். அதுதான் கொடுமை. அவன் மனசில் அதைவிட உறுதியான வார்த்தை கிடையாது. கடைவீதியில் ஆயிரம் மூட்டைக்கு நிற்கிற வார்த்தையை அவன் அவளுக்குக் கொடுத்திருக்கிறான். ஆனால் அந்த ஆற்று மணலுக்கு அப்பால் உட்கார்ந்து இதைப் படிக்கிறவளுக்கு நூல் கடைச் சம்பிரதாயம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அத்தைமார் பேசியபோது எழுந்து போன ஒரு முதுகு. இப்போது அந்த முதுகே கார்டில் ஏறி வந்திருக்கிறது என்றுதானே நினைப்பாள்?

இதை நான் அப்படியே அவனிடம் சொன்னேன். "அன்னைக்கு நீ ஒண்ணும் பேசாம எந்திருச்சுப் போனல்ல, அதையேதான் இப்ப எழுதி அனுப்புற. வேண்டாவெறுப்பா சொல்ற மாதிரி இருக்கு. வந்தா வா, இல்லாட்டி இருந்துக்க, அப்படின்னு இருக்கு. அந்தக் கோடு வேற. இதுக்கு மேல என்கிட்ட பேசாதேன்னு அடிச்சு வெச்ச மாதிரி."

அண்ணன் கார்டை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். தான் எழுதியதை இன்னொருத்தர் கண்ணால் பார்க்க ஒருவன் படுகிற பாட்டை அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியில் பாவமாக, "அப்ப வேற கார்டு வாங்கி எழுதுவோமா?" என்றான்.

"அவ விலாசம் எழுதி அனுப்பின கார்டு வராம வேற கார்டு வந்தா, என் கார்டு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டாளா? முதல்ல என்னமோ எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டாகன்னுதான் நெனப்பா. இதுலயே எழுது."

"கோடு கெடக்கே."

"கோட்டு மேலயே எழுது."

எழுதுவது யார்? அவன் பேனாவைப் பிடித்தால் மறுபடி கடைதான் வரும். நான் உட்கார்ந்தேன். முதலில் ஒரு பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. 'நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கண்டு மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தோம். உன் வரவை ஆவலுடன் எதிர்பார்த்து' என்று ஒரு மூச்சில் எழுதி வாசித்துக் காட்டினேன்.

அண்ணன் சிரித்தான். "இதைக் கேட்டா, யாருக்கோ போற கடுதாசி தப்பி வந்துருச்சுன்னு தபால்காரர்ட்டத் திருப்பிக் குடுத்துருவா."

சிரித்தாலும் அவன் சொன்னது சரிதான். வரி நீண்டிருந்ததே தவிரச் சூடு ஏறவில்லை. ஒற்றை வார்த்தையாவது அவனுடையது. இது யாருடையதும் இல்லை. நான் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பார்த்தேன். 'நீ இல்லாமல் இவ்வில்லம் இருளடைந்து' என்று எழுதும்போதே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அண்ணன் காது சிவந்து, "ஏலே, அது கார்டு. மூடாத கார்டு. திருச்சுழி தபாலாபீஸ்ல படிப்பாக, அந்த ஊருல கார்டு போனா தபால்காரரே சத்தமா வாசிச்சுட்டுத்தான் குடுப்பாரு. ஊரே கேக்கும். அதுல இதையெல்லாம் எழுதச் சொல்றியா?" என்றான். என்னை ஏலே என்று சொன்னால் அவன் ரொம்பத் தவிக்கிறான் என்று பொருள்.

விளக்கை ஏற்றாமலே விட்டுவிட்டோம். அன்றைக்கு எழுத முடியவில்லை.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போகவில்லை. நூல் இருக்கும்வரை தறிதான் என்று உட்கார்ந்துவிட்டான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மதினி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். ஓட்டுக்கு நடுவே இருந்த கண்ணாடி வழியாக ஒரு வெளிச்சத் தூண் தரையில் நின்றது. அதில் பஞ்சுத்தூசு ஏறி இறங்கி நீந்தியது. தறிச் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பாதித் தூக்கம். சத்தம் எங்கிருந்து வருகிறது, நான் யார், இது எந்த வருஷம் என்பதெல்லாம் கலங்கி, மதினியே நான்தான் போலவும், இத்தனை நாளும் எங்கேயும் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருப்பது போலவும் ஒரு மயக்கம். நூல் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது. வீட்டுப் பேச்சில், தறியின் இழுப்புக்கு ஏற்ற இழுப்பில்.

"மறுபடி அறுந்துபோச்சு! இவ தார் சுத்துறாளா, சவ்வு மிட்டாய் இழுக்குறாளா?"

தூக்கத்தில்தான் நான் பதில் சொன்னேன். "அவ்வளவு நல்ல தார் வேணும்னா, சுத்துறவளைக் கூப்பிடுறது?"

"கூப்பிடணுமா? இது அவ வீடு இல்லையாக்கும்? வரட்டுமான்னு கேக்குறா! சித்திரை வரைக்கும் எதுக்கு? சித்திரை வந்துதான் கதவைத் திறந்துவிடப் போகுதா?"

நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. அவன் நிறுத்தவில்லை.

"உன் ராட்டையை நான் ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். இவ அம்மா ராட்டையிலதான் சுத்துறா. உன்னுதை யாரும் தொடல. யாரையும் தொட விட மாட்டேன்."

எனக்குத் தூக்கம் முழுவதும் போய்விட்டது. அவன் என்னோடு பேசவில்லை. சுவரோடு பேசுகிறான். கையும் காலும் வேலையில் இருந்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பதாக நினைத்தால்தான். நான் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. அன்றைக்கு அத்தைமார் முன்னால் சொல்லாமல் போனதற்கு இதுதானே பதில்? 'வேறு யாரையும் கொண்டுவர மாட்டேன்' என்று ஒருவன் இதைவிட எப்படிச் சொல்வான்? ராட்டையை வைத்துச் சொல்லிவிட்டான். கேட்க வேண்டியவள்தான் கேட்கவில்லை.

"எப்புடு ஒஸ்தாவு?" என்று ஒரு இழுப்பு இழுத்தான். எப்போது வருகிறாய் என்று அர்த்தம். அதைத் தமிழில் மாற்றினால் அதில் ஒன்றுமே மிஞ்சாது. தெலுங்கில், அவன் வாயில், அந்தத் தறிச் சத்தத்தோடு, அது ஒரு கெஞ்சல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் ராட்டையை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கார்டையும் பேனாவையும் எடுத்து வந்தேன்.

"அண்ணே, நிறுத்தாதே. அதையே மறுபடி சொல்லு."

"எதை?"

"இப்பச் சொன்னதை. நம்ம பேச்சுலயே சொல்லு. நான் அப்படியே எழுதுறேன்."

"தெலுங்கு எப்படி எழுதுவ?"

"எழுத்துதான் தமிழு. சத்தம் நம்மளது. வாசிச்சா உன் குரலுல வரும்."

அவன் நாடாவைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தான். அப்புறம் இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "தபால்காரரு வாசிச்சாலும் அவருக்கு வெளங்காது!"

"ஒரு எழுத்தும் வெளங்காது. ஊரு கூடி நின்னு கேக்கட்டும்."

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. தறியை மிதித்துக்கொண்டே சொன்னான். நான் அவன் சொல்கிற வேகத்துக்கு எழுதினேன். ஆனால் எல்லாவற்றையும் எழுதவில்லை. கார்டில் இடமும் இல்லை. இடம் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். முந்தின நாள் அந்த நீளக் கடுதாசியே எனக்குப் பாடம் சொல்லியிருந்தது. அவள் கேட்டதற்கு நேரான பதில் முதலில். அப்புறம் அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சங்கதி. கடைசியில் அவள் பதில் சொல்லும்படியாக ஒரு கேள்வி. கேள்வி இல்லாவிட்டால் கதவைச் சாத்திய மாதிரிதானே இருக்கும்? இவ்வளவும் அன்றைக்கு நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை போனபடி போயிற்று.

தலைமாட்டில் இருந்த 'சரி'யை அப்படியே விட்டேன். நல்லவேளையாக அந்த வார்த்தையை எங்கள் பேச்சிலும் அப்படித்தான் சொல்வோம். புள்ளியை இழுத்து ஒரு கால் போட்டுக் கமாவாக்கி, அதிலிருந்தே வரியைத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் அது தமிழில் இப்படி இருந்திருக்கும்:

'சரி, இதென்ன கேள்வி, வரட்டுமா என்று? இது உன் வீடு இல்லையா? தங்கச்சி சுற்றுகிற தார் பொழுதுக்கும் அறுந்து என் உயிரை வாங்குகிறது. உன் ராட்டையை ஆணியில் மாட்டியிருக்கிறேன். யாரையும் தொட விடவில்லை, விடவும் மாட்டேன். சித்திரை வரைக்கும் எதற்கு? எப்போது வருகிறாய்?'

என் தாரைப் பற்றிய வசவை என் கையாலேயே எழுதினேன். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் மொத்தக் கார்டிலும் அவனுடைய குரல் அதிகமாகக் கேட்ட இடம் அதுதான். மாமியார் வீட்டில் யாரும் பொய்யாகத் திட்ட மாட்டார்கள் என்று மதினிக்குத் தெரியும்.

நடுவில் அந்தக் கோடு. வரிகளெல்லாம் அதன் மேல் ஏறி இறங்கிப் போயிருந்தன. சுரண்டிப் பார்த்தேன், அட்டை பொத்துக்கொள்ளும் போலிருந்தது. விட்டுவிட்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். தறி நின்றது. அண்ணன் வெட்கத்தில் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, "போட்டுரு, போட்டுரு, நான் மனசு மாறுறதுக்குள்ள போட்டுரு" என்றான். வார்த்தை மாறாத ஆள்!

நான் தெருவில் இறங்கி நடந்தேன். வெயிலில் தெரு வெள்ளையாகிக் கிடந்தது, ஒரு ஈ காக்கை இல்லை. பெட்டிக்குள் கார்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அது மட்டும்தான் அந்த மத்தியானத்தில் நிஜமாக நடந்தது போலவும் மற்றதெல்லாம் நான் தார் சுற்றிக்கொண்டே கண்ட கனவு போலவும் இருந்தது.

அப்புறம் காத்திருந்தோம். அத்தைமார் இன்னொரு முறை வந்து பாளையம்பட்டியை ஆரம்பித்தபோது அம்மா, "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுக்கா" என்று சொல்லி எழுந்து போனாள். எங்கள் வீட்டில் எழுந்து போவதுதான் எல்லோருக்கும் வசதி.

சித்திரை பிறக்கவில்லை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள், தெருமுனையில் அவள் வருவது தெரிந்தது. முதலில் கானலில் ஒரு நிறம் மட்டும் ஆடியது, பிறகு அது சேலையாயிற்று, பிறகு மதினியாயிற்று. அந்தக் காலத்து பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருப்பார்கள். பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அவள் முகமெல்லாம் கரி. கையில் ஒரு துணிமூட்டை. துணைக்கு வந்த அவள் தம்பி ஊர் எல்லையிலேயே கடைவீதிக்குப் போய்விட்டானாம்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வந்துட்டியா" என்றாள். சொம்பைக் கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குச் சத்தத்தில் தெரியவில்லை.

நானும் மதினியும் கொல்லையில் கிணற்றடிக்குப் போனோம். அவள் முகம் கழுவிக்கொண்டே சொன்னாள். "தபால்காரரு வாசலிலேயே நின்னு வாசிக்க ஆரம்பிச்சாரு. 'என்னம்மா இது, எழுத்து நம்ம எழுத்தா இருக்கு, ஒண்ணும் வெளங்கலையே, மந்திரமா?'ன்னு கேக்குறாரு. அவரு தட்டுத்தடுமாறி வாசிக்க வாசிக்க, எனக்கு உள்ள உங்க அண்ணன் பேசுற மாதிரியே கேக்குது. எங்கய்யா அப்படிச் சிரிச்சாக. எனக்குத்தான் சிரிக்க முடியல."

நான் பெருமையில் பூரித்துப்போனேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ எழுதுனதுன்னு தெரியும்" என்றாள். "உன் எழுத்து எனக்குத் தெரியாதா? சொன்னது அவுக." முகத்தைத் துடைத்தவள், துணியை எடுக்காமலே கேட்டாள்: "முதல்ல சரின்னு மட்டும் எழுதிக் கோட்டைக் கிழிச்சுட்டாக, இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"மை காய்ஞ்ச கோட்டு மேலதான எல்லாம் எழுதியிருந்துச்சு. அந்த 'சரி' ஒரு கை, மத்ததெல்லாம் உன் கை."

பொய் சொல்லிப் பயனில்லை. "அது நூல் கடைப் பழக்கம் மதினி. அவன் மனசுல ஒண்ணுமில்ல. அதை எழுதும்போது அவன் மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்."

"இருக்கும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது மட்டும் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீக?"

அவள் துணியை மடித்துக் கிணற்றுச் சுவரில் போட்டாள். "அப்பவும் வந்திருப்பேன். சித்திரை பிறந்ததும் வந்திருப்பேன். வந்து, என் பெட்டியை எடுத்துக்கிட்டு, உங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிருப்பேன். அவுக வேற ஒருத்தியைக் கட்டிக்கிட எடஞ்சலா இருக்கக் கூடாதுல்ல."

அழுகை இல்லாமல், நாளைக்கு என்ன சமையல் என்பது போலச் சொன்னாள். உள்ளே தறிச் சத்தம் எப்போது நின்றது என்று நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கொல்லைக் கதவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவும் கேட்டிருக்கிறான். கையில் அறுந்த இழை தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் இல்லாமல், தறி இல்லாமல் அவளிடம் பேச அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

கடைசியில் கேட்டான். "அப்படி ஒருக்காவாவது நெனச்சியா நீ?"

மதினி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனமும்" என்றாள்.

அண்ணன் அங்கேயே, ஈரத் தரையில், உட்கார்ந்துவிட்டான்.